சாண்ட்டன் ஆஃபர்: 28ஆம் தேதி புதன் மதியம் வரைக்கும் டைம் வேணும் அக்கா

அக்கா வணக்கம்,

காலைல நீங்க ரெண்டு தடவை கூப்பிட்டப்போ மீட்டிங்ல மேனேஜர் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், எடுக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க. போன்ல அஞ்சு நிமிஷத்துல பேசி முடிக்கிற விஷயமும் இல்ல, அதனால எழுதியே அனுப்புறேன், கொஞ்சம் நீளமாதான் இருக்கும்.

கேக்க வேண்டியதை முதல்லயே கேட்டுடறேன். உங்க கிளையன்டோட ஜோஹன்னஸ்பர்க் சாண்ட்டன் ஆஃபர் லெட்டர்ல வெள்ளிக்கிழமை 23ஆம் தேதி சாயங்காலம் 5 மணிக்குள்ள கையெழுத்து போடணும்னு இருக்கு. அதை 28ஆம் தேதி புதன் மதியம் 12 மணி வரைக்கும் தள்ளி வாங்கித் தர முடியுமா? சனி ஞாயிறை விட்டுட்டா கூட ரெண்டரை வேலை நாள்தான். அன்னைக்கு மதியம் சேர்றேன் இல்ல சேரலன்னு நேரா சொல்லிடுவேன், அதுக்கு மேல டைம் கேக்க மாட்டேன்.

கையில இன்னொரு ஆஃபர் இருக்குன்னு உங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டேன். அது டர்பன்லயே, அம்ஷ்லாங்கா பக்கம், நான் இப்ப இருக்கிற வீட்ல இருந்து இருபது நிமிஷம், அவங்க 30ஆம் தேதி வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அந்த லெட்டரோட ஸ்கிரீன்ஷாட் கேட்டீங்க, அது மட்டும் வேண்டாம் அக்கா. உங்க லெட்டரை அவங்களுக்குக் காட்டினா உங்களுக்கு எப்படி இருக்கும், அதே மாதிரிதான். நம்பர் என்னன்னு கீழ நானே சொல்றேன், கம்பெனி பேர் வேண்டாம். இதை வச்சு உங்க கிளையன்ட்கிட்ட சம்பளம் ஏத்திக் கேக்கப் போறதும் இல்ல.

வேலைன்னு பாத்தா எனக்கு சாண்ட்டன்தான் பிடிச்சிருக்கு, அதுல ஒளிவு மறைவு இல்ல. அந்த டீம் லீட் பேசின விதம், அவங்க கட்டிட்டு இருக்கிற பேமெண்ட் சிஸ்டம், இதெல்லாம் டர்பன்ல கிடைக்காது. ஆனா வீட்ல மனைவிக்கு அஞ்சு மாசம். பிப்ரவரில டெலிவரி, டாக்டர் ஆஸ்பத்திரி எல்லாம் இங்க பேசி வச்சாச்சு. திங்கக்கிழமை 26ஆம் தேதி ஸ்கேன் இருக்கு, நவம்பர் கடைசில வீடு மாறி 570 கிலோமீட்டர் தள்ளிப் போறது அவளுக்கு ஒத்துக்குமா, அங்க வேற டாக்டர்கிட்ட மாத்தலாமான்னு அன்னைக்குத்தான் கேக்க முடியும். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை சாட்ஸ்வொர்த்ல மாமியார் வீட்டுக்குப் போறோம், ஒரு மூணு மாசம் எங்களோட வந்து ஜோபர்க்ல இருப்பாங்களான்னு நேர்ல உக்காந்து கேக்கணும், இதை வாட்ஸாப்ல கேட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். புரட்டாசி முடிஞ்சு வீட்ல கறி சமைக்க ஆரம்பிச்சுட்டாங்க, அதனால நல்ல மூட்ல இருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை.

இப்ப கிளையன்ட் பக்கம் பாப்போம். எனக்கு டைம் குடுக்கிறதால அவங்களுக்கு ஒரு நாள் கூட நஷ்டம் இல்ல அக்கா, இதை நீங்க அவங்களுக்கு நல்லா எடுத்துச் சொல்லணும். ஒரு வருஷத்துக்கு மேல வேலை பாத்தவங்களுக்கு சட்டப்படி 4 வாரம் நோட்டீஸ்தான், ஆனா என் கான்ட்ராக்ட்ல முதல் தேதில இருந்து மாசக் கடைசி வரைக்கும் ஒரு முழு மாசம்னு போட்டிருக்கு. 23 கையெழுத்து போட்டாலும் 28 போட்டாலும் நான் அக்டோபர் முடியறதுக்குள்ள லெட்டர் குடுத்துருவேன், நவம்பர் முழுக்க இங்க, டிசம்பர் 1 அங்க. தேதி மாறவே மாறாது. டிசம்பர் 16 லீவுக்கு அப்புறம் அந்த ஆபீஸ்ல எத்தனை பேர் இருப்பாங்கங்கிறது வேற கதை.

இந்த நாலஞ்சு நாள்ல அவங்ககிட்ட இருந்து எனக்கு மூணு பதில் வேணும், அது இல்லாம புதன்கிழமை வந்தாலும் நான் இதே இடத்துலதான் நிப்பேன்.

பெரிய விஷயம் மெடிக்கல் எய்ட். நான் இப்ப இருக்கிற ஸ்கீம்ல ரெண்டு வருஷத்துக்கு மேல இடைவெளி இல்லாம இருக்கேன், அவளும் அதுலயே டிபென்டன்ட். வேலை மாறுறதால ஸ்கீம் மாறுறவங்களுக்கு, பழைய கவர் முடிஞ்சு 90 நாள் ஆகறதுக்குள்ள விண்ணப்பிச்சா, வெயிட்டிங் பீரியட் போடக்கூடாதுன்னு மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டத்துலயே இருக்கு. ஆனாலும் பிரசவம் பிப்ரவரில, டிசம்பர்ல புது ஸ்கீம், அங்க யாராவது ஒரு ஃபார்ம்ல தப்பா டிக் பண்ணிட்டா நான் ஆஸ்பத்திரி பில்லோட அலையணும். அதனால எந்த ஸ்கீம், எந்த ஆப்ஷன், டிசம்பர் 1ல இருந்தே பிரசவச் செலவுக்கும் கவர் உண்டான்னு அவங்க எச்ஆர் மெயில்ல எழுதித் தரட்டும். வாய்ல சொன்னா போதாது.

அடுத்தது சம்பளம். உங்க ஆஃபர் மாசம் 92,000 ரேண்ட், ஆனா அது காஸ்ட் டு கம்பெனி, மெடிக்கல் எய்ட் பிராவிடன்ட் ஃபண்ட் ரெண்டும் முழுசா அதுக்குள்ள இருந்துதான் போகுது. டர்பன்ல 76,000 பேசிக், அதுக்கு மேல மெடிக்கல்ல பாதி அவங்க கட்டறாங்க, ஃபண்டுக்கு அவங்க பங்கு தனி, டிசம்பர்ல பதிமூணாவது செக் வேற. பாக்கறதுக்கு 16,000 வித்தியாசம், கைக்கு வர்றப்போ எவ்வளவு மிஞ்சும்னு எனக்கு சத்தியமா புரியல. ஒரு டம்மி பேஸ்லிப் போட்டு அனுப்பச் சொல்லுங்க, பேரோல்ல இருக்கிறவங்களுக்கு பத்து நிமிஷ வேலை.

மூணாவது அந்த 60,000 ரீலொகேஷன் காசு. ரெண்டு வருஷத்துக்குள்ள விலகினா திருப்பிக் கட்டணும்னு இருக்கு, சரி. இருபத்தி மூணாவது மாசம் விலகினாலும் முழுசா கட்டணுமா, இல்ல இருந்த மாசத்துக்குக் கழிச்சுக்குவாங்களா? லெட்டர்ல அது இல்ல, சேத்து எழுதச் சொல்லுங்க.

கிளையன்ட்கிட்ட நீங்க இப்படியே சொல்லலாம்: "அவருக்கு இந்த வேலைல முழு விருப்பம் இருக்கு, இன்னொரு ஆஃபரும் கையில இருக்கு, குடும்பத்தோட ஊர் மாறணும்ங்கிறதால 28ஆம் தேதி மதியம் வரைக்கும் டைம் கேக்கறார், சேர்ற தேதி டிசம்பர் 1, அதுல மாற்றம் இல்ல." மனைவி மாசமா இருக்கிற விஷயம் அவங்ககிட்ட பேர் சொல்லிப் பேசாதீங்க, மெடிக்கல் கேள்வியைப் பொதுவா கேளுங்க. டீம் லீட் கூட பேசணும்னு அவங்க நினைச்சா வெள்ளிக்கிழமை நான் ரெடி.

ரெண்டாவதா ஒரு ஆளை ரெடியா வச்சிருக்காங்கன்னு சொன்னீங்க. இருக்கலாம், நான் கோவிச்சுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை 5 மணிதான், மாத்த முடியாதுன்னு அவங்க கறாரா இருந்தா நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்குச் சொல்லிடுங்க. மூணு கேள்விக்கும் பதில் கைக்கு வந்திருந்தா வெள்ளிக்கிழமையே முடிவு சொல்ல முயற்சி பண்றேன். பதில் ஒண்ணும் தராம முதல்ல கையெழுத்து போடுன்னா என்னால முடியாது அக்கா, டர்பனுக்கே சரின்னு சொல்லிடுவேன். கையெழுத்து போட்டுட்டு நவம்பர் நடுவுல கழண்டுக்கிற ஆளுங்களை நீங்க நிறைய பாத்திருப்பீங்க, அந்த வரிசைல நான் வர வேண்டாம், உங்களுக்கும் அந்த கிளையன்ட்கிட்ட பேர் கெட வேண்டாம்.

டைம் கிடைச்சுட்டா புதுத் தேதியை ஒரு வரி மெயில்ல போட்டு அனுப்பிடுங்க, லெட்டர்ல பழைய தேதியே இருக்கிறதால எனக்கு அது வேணும். இன்னைக்கும் நாளைக்கும் 1 மணில இருந்து 2 மணி வரைக்கும் கார்ல தனியா இருப்பேன், அப்பறம் சாயங்காலம் 6க்கு மேல எப்ப வேணா கூப்பிடுங்க. எதையும் என் ஆபீஸ் மெயிலுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க, சொந்த ஐடிக்கே போடுங்க.

நன்றி அக்கா,
செந்தில்