மார்கழி ரங்கோலிப் போட்டி: குடியிருப்போருக்கான அறிவிப்பு

அன்புடைய குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பண்பாட்டுக் குழு சார்பில், வரும் ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை காலை, சி பிளாக்கின் தரைத்தள வாகன நிறுத்தத்தில் ரங்கோலிப் போட்டி நடைபெறும். சென்ற ஆண்டு போட்டியை நீச்சல் குளத்தை ஒட்டிய திறந்தவெளி நடைபாதையில் நடத்தினோம். விடியற்காலைக் காற்றில் வண்ணப்பொடி பக்கத்துக் கட்டத்துக்குப் பறந்தது. எட்டு மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிய குழாய் கசிந்ததில், ஏறத்தாழ முடிந்திருந்த மூன்று கோலங்கள் நடுவிலிருந்து கரைந்துபோயின. அந்த மூவரிடமும் குழு இப்போதும் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறது. கூரையும் வழவழப்பான தரையும் உள்ள இடத்தை இம்முறை தேர்ந்தெடுத்ததற்கு இதுவே காரணம்.

சென்ற ஆண்டு எழுந்த இன்னொரு முறையீடும் நியாயமானதே. ஒரே இழையை அறுபடாமல் வளைத்து வளைத்துப் போட்ட சிக்குக்கோலத்தையும், மயில் தோகையை ஏழு நிறங்களில் நிரப்பிய ரங்கோலியையும் ஒரே மதிப்பெண் தாளில் வைத்து ஒப்பிட்டால், வண்ணம்தான் கண்ணைப் பறிக்கும், வெள்ளைக்கோலம் பின்னுக்குப் போய்விடும். ஆகவே இவ்வாண்டு புள்ளி, சிக்குக்கோலத்துக்கும் வண்ண ரங்கோலிக்கும் தனித்தனி மதிப்பெண் தாள், தனித்தனிப் பரிசு என்று முடிவு செய்துள்ளோம்.

யார் கலந்துகொள்ளலாம்

நம் குடியிருப்பில் வசிக்கும் சொந்த வீட்டினர், வாடகைக்கு இருப்போர், பண்டிகைக்காக வந்து தங்கியிருக்கும் உறவினர்கள் என எவரும் பங்கேற்கலாம். ஆண், பெண் என்ற வேறுபாடு எந்தப் பிரிவிலும் இல்லை. இங்கே பணிபுரியும் பாதுகாவலர்கள், துப்புரவுப் பணியாளர்கள், வீட்டு வேலைக்கு வருவோர் ஆகியோரும் அவரவர் வயதுப் பிரிவில் பதிவு செய்துகொள்ளலாம். நான்கு பிளாக் வாசல்களிலும் நாள்தோறும் நாம் தாண்டிச் செல்லும் கோலங்களைப் போடுபவர்கள் அவர்கள்தான் என்பதால், இது சலுகை அல்ல என்பதையும் குறிப்பிட விரும்புகிறோம்.

வயதுப் பிரிவுகள்

வயது, ஜனவரி 1 அன்று நிறைவடைந்த ஆண்டுக் கணக்கில் கொள்ளப்படும்.

1. 6 முதல் 9 வயது வரை: 3 அடிக்கு 3 அடி கட்டம், 1 மணி நேரம். எந்த வகைக் கோலமும் போடலாம். பெற்றோர் ஒருவர் புள்ளி வைத்துக் கொடுக்கலாம். கோடு இழுப்பதும் நிறம் நிரப்புவதும் குழந்தையின் கையாலேயே நடக்க வேண்டும்.
2. 10 முதல் 15 வயது வரை: 4 அடிக்கு 4 அடி கட்டம், ஒன்றரை மணி நேரம். வெளியுதவி எதுவும் கூடாது.
3. 16 முதல் 59 வயது வரை: 5 அடிக்கு 5 அடி கட்டம், ஒன்றரை மணி நேரம்.
4. 60 வயதும் அதற்கு மேலும்: 4 அடிக்கு 4 அடி கட்டம், 2 மணி நேரம். குனிந்து போட இயலாதவர்கள் முக்காலியில் அமர்ந்து போடலாம். அதுவும் இயலாதெனில், முன்னரே தெரிவித்தால் மேசையும் அதன்மேல் 2 அடிப் பலகையும் வைத்துத் தருவோம். பலகையில் போடுவதால் மதிப்பெண் குறையாது.
5. குடும்பக் குழு: 8 அடிக்கு 8 அடி கட்டம், 2 மணி நேரம். நால்வர் வரை சேரலாம், அவர்களுள் ஒருவராவது 15 வயதுக்கு உட்பட்டவராக இருக்க வேண்டும். இப்பிரிவில் வண்ண ரங்கோலி மட்டுமே உண்டு.

10 வயதுக்கு மேற்பட்ட தனிநபர் பிரிவுகளில், பதிவு செய்யும்போதே புள்ளி, சிக்குக்கோலமா வண்ண ரங்கோலியா என்பதைக் குறிப்பிட வேண்டும். ஒரு பிரிவில் ஏதேனும் ஒரு வகைக்கு ஐந்து பேருக்கும் குறைவாகப் பதிவானால், அப்பிரிவில் மட்டும் இரு வகைகளுக்கும் சேர்த்து ஒரே பரிசு வரிசை வைக்கப்படும்.

பதிவு

ஜனவரி 5, செவ்வாய்க்கிழமை இரவு 8 மணிக்குள், முதன்மை வாயிலில் பாதுகாவலர் அறையில் வைக்கப்பட்டுள்ள பதிவேட்டில் பெயர், வீட்டு எண், வயது, கோல வகை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட வேண்டும். கட்டணம் இல்லை. தனிநபர் கட்டங்கள் 48, குடும்பக் கட்டங்கள் 6 மட்டுமே இருப்பதால், முதலில் பதிவு செய்வோருக்கே இடம் கிடைக்கும். வாட்ஸ்அப் குழுவில் "நானும் வருகிறேன்" என்று எழுதுவது பதிவாகாது. சென்ற ஆண்டு அப்படி எழுதிய பலரைப் பட்டியலில் சேர்க்க முடியாமல் போனது.

போட்டி நாள் நேரங்கள்

- காலை 6.30 மணிக்கு வருகைப் பதிவு, 6.45 மணிக்குச் சீட்டுக் குலுக்கி கட்ட எண் வழங்கப்படும்.
- 7 மணிக்கு மணி அடித்ததும் எல்லாப் பிரிவினரும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும்.
- தாமதமாக வருவோர் 7.15 வரை சேரலாம். ஆனால் முடிக்கும் நேரம் அவர்களுக்காக நீட்டிக்கப்படாது.
- 9.15 முதல் 10.15 வரை நடுவர்கள் பார்வையிடுவர். அதன்பின் மாலை 6 மணி வரை அனைவரும் கண்டு களிக்கலாம்.
- மாலை 6 மணிக்கு அதே இடத்தில் பரிசளிப்பு.

விதிமுறைகள்

1. கோலப்பொடி, வண்ணப்பொடி, சல்லடை, துணி ஆகியவற்றைப் போட்டியாளர்களே கொண்டுவர வேண்டும். ஒவ்வொருவருக்கும் அரை கிலோ வெள்ளைக் கோலப்பொடியைச் சங்கம் வழங்கும்.
2. கோடு கையால்தான் இழுக்க வேண்டும். அச்சு, கோலக்குழாய், துளையிட்ட தகடு, நூல் கட்டி வட்டம் வரையும் கருவி ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. நிறம் தூவ மட்டும் தேநீர் வடிகட்டி போன்ற சல்லடையைப் பயன்படுத்தலாம்.
3. புள்ளி வைப்பதற்குச் சாக்குக்கட்டி அனுமதிக்கப்படும். முழுக் கோலத்தையும் சாக்குக்கட்டியில் வரைந்துவிட்டு அதன்மேல் பொடி போடுவது புள்ளி, சிக்குக்கோலப் பிரிவில் கூடாது. வண்ண ரங்கோலியில் வெளிக்கோடு வரைந்துகொள்ளலாம்.
4. மாதிரியைத் தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கைபேசியைப் பார்த்துப் போடுவது கூடாது.
5. மின்னும் பிளாஸ்டிக் துகள், தெர்மாகோல், பசை, எண்ணெய் வண்ணம் ஆகியவை தரையை விட்டு அகலாது என்பதால் முழுமையாகத் தடை செய்யப்படுகின்றன. பூவிதழ், தானியம், காவி, அரிசிமாவு ஆகியவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அரிசிமாவு போட்டால் எறும்பு வரும், வரட்டும்.
6. கல்லுப்பில் நிறம் கலந்து கொண்டுவருவோர், போட்டி முடிந்ததும் அதைத் தனிப்பையில் அள்ளிச் செல்ல வேண்டும். உப்பு மண்ணில் சேர்ந்தால் செடி கருகிவிடும். ஆதலால் அதைப் பூந்தொட்டியிலோ தோட்டத்திலோ கொட்டக் கூடாது.
7. கட்டத்தின் எல்லைக் கோட்டைக் கோலம் தாண்டக் கூடாது. பெயர், வீட்டு எண், சமய அல்லது கட்சிச் சின்னம், விளம்பரம் ஆகியவை கோலத்தில் இடம்பெறக் கூடாது. விளக்கு, கலசம், பறவை, தாமரை போன்ற மரபான கோல வடிவங்களைச் சமயச் சின்னமாக நாங்கள் கருதவில்லை.
8. பார்வையாளர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். அங்கிருந்து "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொடுப்பதும் உதவியாகவே கொள்ளப்படும். ஒருமுறை எச்சரித்த பின்னரும் தொடர்ந்தால் 5 மதிப்பெண் குறைக்கப்படும்.

கட்ட அளவைப் பற்றி ஒரு குறிப்பு. 5 அடிக் கட்டம் 60 அங்குலம். 15 புள்ளி, 8 வரையிலான இடைப்புள்ளிக் கோலம் போட நினைப்பவர்கள் புள்ளிக்குப் புள்ளி 4 அங்குலம் விட்டால், நடுவரிசை மட்டுமே 56 அங்குலம் பிடிக்கும். ஓரத்துப் புள்ளியைச் சுற்றி வரும் வளைவு எல்லைக் கோட்டில் இடித்துவிடும். மூன்றரை அங்குலம் விட்டால் நடுவரிசை 49 அங்குலத்தில் முடிந்து, இருபுறமும் வளைவுக்குப் போதிய இடம் கிடைக்கும். முதல் நாளே வீட்டு வாசலில் ஒருமுறை அளந்து பார்த்துக்கொள்வது நல்லது.

மதிப்பீடு: புள்ளி, சிக்குக்கோலம் (100 மதிப்பெண்)

- இழை: 35. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலிருந்து விழும் பொடி, தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே பருமனில் இருக்கிறதா, வளைவுகளில் திட்டாகத் தேங்கியிருக்கிறதா, இடையில் அறுந்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்கப்படும்.
- சிக்கு முழுமை: 25. ஒவ்வோர் இழையும் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். எந்தப் புள்ளியும் சுற்றப்படாமல் விடுபடக் கூடாது. முழுக் கோலமும் ஒரே இழையாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. கோடுகளால் புள்ளிகளை இணைக்கும் கோலமாயின், எல்லாப் புள்ளிகளும் முறையாக இணைக்கப்பட்டுள்ளனவா என்பது பார்க்கப்படும்.
- புள்ளி வரிசையும் சமச்சீரும்: 25.
- தூய்மை: 10. கை, கால் பட்டு அழிந்த தடம், சிதறிய பொடி ஆகியவை கணக்கில் கொள்ளப்படும்.
- குறித்த நேரத்தில் முடித்தல்: 5.

மதிப்பீடு: வண்ண ரங்கோலி (100 மதிப்பெண்)

- வடிவமைப்பும் கற்பனையும்: 35
- நிறப் பொருத்தமும், ஒரு நிறம் இன்னொன்றோடு இழைந்து கலக்கும் நேர்த்தியும்: 30
- வெளிக்கோட்டின் தெளிவு: 20
- தூய்மை: 10
- குறித்த நேரத்தில் முடித்தல்: 5

நிறங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இல்லை. மூன்றே நிறத்தில் அமைந்த ரங்கோலியும் முழு மதிப்பெண் பெறலாம். 6 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்கு இந்தத் தாள்கள் எதுவும் பயன்படுத்தப்படமாட்டா. தாமாக முயன்று முடித்திருக்கிறார்களா என்பதை மட்டும் நடுவர்கள் பார்ப்பார்கள்.

நடுவர்கள் மூவரும் நம் குடியிருப்பில் வசிக்காதவர்கள். இருவர் நெடுங்காலமாகக் கோலம் போட்டுப் பழகியவர்கள், ஒருவர் ஓவிய ஆசிரியர். கட்ட எண் மட்டுமே அவர்களிடம் இருக்கும், பெயர்ப் பட்டியல் தரப்படாது. இருவர் சம மதிப்பெண் பெற்றால், சிக்குக்கோலத்தில் இழைக்கான மதிப்பெண்ணும் ரங்கோலியில் வடிவமைப்புக்கான மதிப்பெண்ணும் முடிவைத் தீர்மானிக்கும். ஐயம் உள்ளவர்கள் முடிவு அறிவித்த அரை மணி நேரத்துக்குள் தம் மதிப்பெண் தாளைக் கேட்டுப் பார்க்கலாம். கூட்டல் பிழை இருந்தால் திருத்தப்படும். மற்றபடி நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது.

ஒவ்வொரு பரிசு வரிசையிலும் முதல் இரண்டு பரிசுகள் உண்டு. பங்கேற்கும் அனைவருக்கும் சான்றிதழ் வழங்கப்படும்.

வாகன உரிமையாளர்களின் கவனத்துக்கு

சி பிளாக் தரைத்தளத்தில் கார், இருசக்கர வாகனம் நிறுத்துவோர், ஜனவரி 9, சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் அவற்றை விருந்தினர் நிறுத்தத்துக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அதன்பிறகுதான் தரையைக் கழுவி, ஈரம் உலரவிட்டு, கட்டங்கள் வரைய முடியும். ஈரத் தரையில் நிறப்பொடி கறையாகப் படியும் என்பதால் இந்த நேரத்தைத் தளர்த்த இயலாது. ஞாயிறு இரவு 8 மணிக்குப் பின் வாகனங்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரலாம். பரிசளிப்பு முடிந்ததும் அவரவர் கட்டத்தை அவரவரே கூட்டி அள்ள வேண்டும். துடைப்பமும் முறமும் அங்கே வைக்கப்பட்டிருக்கும்.

விளக்கம் தேவைப்படுவோர் நாள்தோறும் மாலை 6 முதல் 8 வரை சங்க அலுவலகத்தில் குழு உறுப்பினர்களை நேரில் அணுகலாம். மேசையும் பலகையும் வேண்டும் மூத்தோர் ஜனவரி 7 வரை தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
பண்பாட்டுக் குழு,
குடியிருப்போர் நலச் சங்கம்