பக்கம் 14: பாம்பன் தூக்குப் பாலம் திறக்கும் கட்டம்

ஓவியருக்கு,

முழுப் பக்கத்துக்கும் ஒரே கட்டம். அச்சுப் பரப்பு 18 செ.மீ. அகலம், 24 செ.மீ. உயரம். போன பக்கத்தில் ஆறு சின்னக் கட்டங்களில் பேருந்துக்குள்ளேயே நெரிசலாக இருந்தோம். இந்தப் பக்கத்தைத் திருப்பியதும் வாசகருக்கு மூச்சு விட இடம் கிடைக்க வேண்டும். அதனால்தான் ஒரே கட்டம்.

இடம்: பாம்பன் சாலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவர். காலம்: 2005, காலை ஒன்பது மணி வாக்கில். கீழே இணையாக ஓடும் பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி திறந்துகொண்டிருக்கிறது. பேருந்து நின்றதும் இறங்கி வந்து பார்க்கிறார்கள் அப்பத்தாவும் பேரனும்.

பார்வைக் கோணம்: நாம் அவர்களுக்குப் பின்னால், சற்று இடதுபுறம் தள்ளி, அப்பத்தாவின் தோள் உயரத்தில் நிற்கிறோம். சாலைப் பாலம் ரயில் பாலத்தைவிட நன்றாக உயரம், அதனால் கடலும் தண்டவாளமும் கீழே சரிந்து தெரியும். தொடுவானக் கோடு பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வரட்டும். அதற்கு மேலே இருக்கும் 8 செ.மீ. வானம்தான் நமக்குப் பேச்சுக்குமிழி இடம்.

முன்னணி: கீழ் ஓரத்தில் கைப்பிடிச் சுவர் குறுக்கே ஓடுகிறது. இடப்பக்கம் பையன், ஏழு வயது. சுவரின் கீழ்ப்படியில் ஏறி வயிற்றை அழுத்தி எட்டிப் பார்க்கிறான். உடம்பு பாலத்தைப் பார்த்து, முகம் மட்டும் அப்பத்தாவைப் பார்த்து மேலே திரும்பியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. வலப்பக்கம் அப்பத்தா, அறுபத்தைந்து வயது, கண்டாங்கிச் சேலை, முந்தானை காற்றில் வலப்பக்கம் பறக்கிறது. தொங்கட்டான் இல்லாமல் துளை பெருத்துத் தொங்கும் காது மடல். முகம் பக்கவாட்டில் கொஞ்சம் தெரிந்தால் போதும். அவர் பையனைப் பார்க்கவில்லை, பாலத்தையே பார்க்கிறார்.

அவர் கைகளைத் தயவுசெய்து நேரம் எடுத்து வரையுங்கள். சுவரின் மேல் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருக்கிறார். கட்டைவிரல் கீழே, மற்ற விரல்கள் மேலே, முட்டிகள் வெளுத்து. வேடிக்கை பார்ப்பவர் சுவரில் கை வைக்கும் விதம் இது இல்லை, நெம்புகோலைத் தள்ளுபவரின் பிடி. சின்ன வயதில் அப்பாவிடம் பார்த்த பிடி அவர் கைக்குத் தானாக வந்துவிட்டது. வாசகர் இதை இப்போது கவனிக்காவிட்டாலும் 16-ஆம் பக்கத்தில் அந்த அப்பாவைக் காட்டும்போது திரும்பி வந்து பார்ப்பார்.

நடுப்பகுதி: தூக்குப் பாலத்தின் இரண்டு இலைகளும் முக்கால்வாசி எழும்பிவிட்டன. கவனம், இவை நேர்ச்செங்குத்தாக நிற்கக் கூடாது. இரண்டின் அடியும் வெளிப்பக்கத் தூண்களில், நுனிகள் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும், முழுதாகச் சேராத கூரை மாதிரி. இடது இலை வலதைவிட ஒரு பிடி தாழ்ந்திருக்கட்டும், இன்னும் அசைவு நடப்பது அதில்தான் தெரியும். கையால் திறக்கும் பாலம் இது. ஒவ்வொரு பக்கமும் ஆறு பேர் குனிந்து தள்ளுகிறார்கள். அந்தத் தூரத்துக்கு முகம் வேண்டாம், முதுகு வளைவு மட்டும் போதும். ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தட்டுப்பட்டே ஆக வேண்டும். அவர்கள் இல்லையென்றால் அப்பத்தா சொல்லும் வசனத்துக்குப் பொருளே இல்லை.

தண்டவாளம் ஒற்றைப் பாதை, மீட்டர் கேஜ். அகலப் பாதை 2007-இல்தான் வந்தது, அதனால் இடைவெளியைக் கூட்டி வரைந்துவிட வேண்டாம். பாலம் இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். தூண்களை எண்ணி வரையத் தேவையில்லை. அருகில் நான்கைந்து தெளிவாக, அப்புறம் கரை நோக்கிக் கோடுகளாக மங்கட்டும்.

இலைகளுக்கு அப்பால், நம்மை நோக்கி, ஓர் இழுவைக் கப்பலும் அதன் பின்னால் சரக்கு மிதவையும் காத்திருக்கின்றன. இன்னும் நுழையவில்லை. அவற்றுக்குப் பின்னால் விசைப்படகுகள் நான்கு வரிசையில். சின்ன வள்ளம் ஒன்றை மட்டும் இந்தப் பக்கம் பக்கத்துக் கண் வழியாகச் சாவகாசமாக வர விடுங்கள். அதற்குப் பாலம் திறக்கவே வேண்டாம்.

பேச்சுக்குமிழிகள் மூன்று. முதலாவது மேல் இடது மூலை, 5.5 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம் வெறும் வானமாக விடவும். வால் பையன் பக்கம் இறங்கும்.

பையன்: அப்பத்தா, பாலம் ஒடைஞ்சு போச்சா?

இரண்டாவது மேல் வலது மூலை, 6.5-க்கு 5 செ.மீ. கொஞ்சம் தாராளமாகவே கேட்கிறேன். ஆங்கிலத்துக்கு விடும் இடம் தமிழுக்குப் பத்தாது. நம் சொற்கள் நீளம், நடுவில் வெட்டிக் கீழ்வரிக்கு இறக்கினால் படிக்கும் பிள்ளை தடுக்கி விழும். மேலே ி, ீ சுழியும் கீழே ு, ூ வாலும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வரி இடைவெளியும் கூடுதலாக வேண்டும். முந்தின இதழில் இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கினோம், அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் படிக்கவே இல்லை.

அப்பத்தா: ஒடையலடா. கப்பலுக்கு வழி விடுது. ஒங்க பூட்டன் கையால தொறந்த பாலம்.

மூன்றாவது சின்னது, 3.5-க்கு 2 செ.மீ. பையன் தலைக்குச் சற்று மேலே, கடல் பரப்பின் மீது. அங்கே அலைக்கோடு, படகு எதுவும் வரக் கூடாது.

பையன்: கையாலயா?

இடது, வலது, திரும்ப இடது கீழே என்று கண் ஓடும், வரிசை குழம்பாது. பையனின் இரண்டு வால்களும் ஒன்றையொன்று வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். இரண்டு இலைகளுக்கு நடுவே அகலமான வானம் காலியாக இருக்கும். குமிழி வைக்க அதைவிட வசதியான இடம் பக்கத்தில் இல்லை என்று தோன்றும். அங்கே எதையும் வைக்க வேண்டாம். பறவை வேண்டாம், மேகம் வேண்டாம், ‘கிர்ர்’ என்ற ஒலி எழுத்தும் வேண்டாம். அப்பத்தா பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோனது, இந்தப் பாலத்தின் கண்கள் பலவும் போயின, தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. தன் அப்பாவைப் பற்றி அவர் பேரனிடம் இன்னும் சொல்லாத பாதி அங்கேதான் இருக்கிறது. அடுத்த பக்கத்தில் அவர் சொல்லத் தொடங்கும்போது இதே இடைவெளி இருட்டாக, மழையோடு திரும்ப வரும். இன்று அதில் ஒரு கோடு விழுந்தாலும் அந்தப் பக்கம் வேலை செய்யாது.

நிறம்: கடல் பச்சை கலந்த நீலம், இரும்பு வெள்ளிச் சாம்பல் மேல் துருக்கறை. குமிழி வரும் இரண்டு மூலைகளிலும் வானம் ஒரே சீரான வெளிர் நிறம், எழுத்து தெளிவாக நிற்கட்டும். நடு இடைவெளியில் மட்டும் இன்னும் ஒரு பிடி வெளிச்சம்.

பென்சில் வரைவில் மூன்று குமிழிகளையும் வெறும் வட்டமாகப் போட்டு முதலில் அனுப்புங்கள். வசனத்தை நான் கையால் எழுதி உள்ளே பொருத்திப் பார்த்த பிறகு மை போடலாம்.