பாயம்மாவுக்குப் பெருநாள் வாழ்த்து

காரைக்குடி
நோன்புப் பெருநாள் காலை

அன்புள்ள பாயம்மாவுக்கு,

ஈத் முபாரக்!

நேரில் வந்து சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி அனுப்புகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். தேவகோட்டையில் ஒரு கல்யாணம்; ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியும். நேற்று பள்ளிவாசல் மைக்கில் பிறை தெரிந்த செய்தி சொன்னபோது நான் அடுப்படியில் கந்தரப்பத்துக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். நோன்பு முழுக்க உங்கள் வீட்டுக் கஞ்சி வந்த தூக்குவாளி வெறுமனே திரும்பலாமா? அதில்தான் கந்தரப்பம் வைத்திருக்கிறேன். கவுனி அரிசி தனிச் சம்படத்தில் இருக்கிறது. சூட்டோடு சாப்பிடுங்கள்.

போன வருடம் நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. திண்ணையில் நின்று நான் "ஈத் முபாரக்" என்றேன். நீங்கள் "கைர் முபாரக்" என்றீர்கள். நான் கொடிக்கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன்! கயிறு கேட்கிறீர்களாக்கும் என்று நினைத்துவிட்டேன். பாய் சிரித்த சிரிப்பு முகப்பு வரைக்கும் கேட்டது.

அன்றைக்கு உங்கள் பேரன்தான் எனக்குப் பாடம் எடுத்தான். ஈத் என்றால் பெருநாள். முபாரக் என்றால் பரக்கத் பெற்றது. இருப்பது கொஞ்சமானாலும் எல்லோருக்கும் போதுமாக இருந்தால் "பரக்கத்" என்பீர்களே, அதே சொல்லின் வேரிலிருந்து வந்ததாம். ஆக, "பரக்கத் நிறைந்த பெருநாளாக இருக்கட்டும்" என்பதுதான் வாழ்த்து. கைர் என்றால் நன்மை. "உங்களுக்கும் நன்மையும் பரக்கத்தும் உண்டாகட்டும்" என்று பதில் சொல்லியிருக்கிறீர்கள், நான் கயிற்றை நீட்டியிருக்கிறேன். திரும்ப "ஈத் முபாரக்" என்றே சொல்வதும் உண்டு என்றான்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தான்: "தகப்பலல்லாஹு மின்னா வ மின்கும்." எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்று பொருளாம். அதை நான் சொல்லப்போவதில்லை. முப்பது நாள் சஹருக்கு எழுந்து நோன்பு வைத்தவர்கள் ஒருவரையொருவர் தழுவிச் சொல்லிக்கொள்வது அது. விடியற்காலையில் உங்கள் வீட்டுப் பாத்திரச் சத்தம் கேட்டதும் புரண்டு படுத்துக்கொண்டவள் நான்.

பாய்க்கும், வெளியூரிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பேரனுக்குப் பெருநாள் காசு தாளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். பாடம் எடுத்ததற்கும் சேர்த்து.

சாயங்காலம் வந்துவிடுவேன். பிரியாணியில் என் பங்கு பத்திரமாக இருக்கட்டும். வாசலில் நின்று மறுபடியும் "ஈத் முபாரக்" என்பேன். நீங்கள் பழையபடியே பதில் சொல்லுங்கள், இந்தத் தடவை வெறுங்கையோடுதான் வருவேன்.

இப்படிக்கு,
அடுத்த வீட்டு ஆச்சி