கனாசாவா ஒகாசானுக்கு

பினாங்கு,
24 நவம்பர் 2024

அன்புள்ள ஒகாசான்,

வணக்கம். நானும் அம்மாவும் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். எனக்குக் கைவந்தது தமிழ்தான், அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். எங்கள் பாலா அண்ணன் இதன் அடியில் ஜப்பானிய மொழியில் எழுதித் தருவார். கிழக்கு நோக்கும் கொள்கை வந்த பிறகு மலேசியாவிலிருந்து ஜப்பானுக்குப் படிக்கப் போனவர்களில் அவரும் ஒருவர்.

கிளம்பிய அன்று குடையோடு ஒரு அட்டை கொடுத்தீர்களே, தூறலில் மை கரைந்துவிடுமோ என்று வாசலிலேயே அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் தேநீர் குடிக்கும்போது அண்ணனிடம் காட்டினேன். மேலிருந்து கீழாகச் சேர்த்தெழுதிய தூரிகை எழுத்து. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒரு மூலையில் என் விரலின் நிழல் வேறு. தேநீர் ஆறியே போய்விட்டது.

எங்களுக்கென்று தினமும் மிசோ சூப்பைத் தனிப் பானையில் வைத்தீர்களாமே! கட்சுவோ மீன் சீவலைத் தொடாமல், முந்தின இரவே கொம்பு கடற்பாசியையும் காய்ந்த ஷீத்தாக்கே காளானையும் ஊறவைத்து. அது எங்கள் கந்தர் சஷ்டி விரத வாரம். அம்மா ஒவ்வொரு காலையும் "மீன் இல்லையே?" என்று என் காதில் கேட்பார், நான் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு "தைரியமாகக் குடிங்க" என்பேன். அட்டையைப் படித்துச் சொன்னதும் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டார். விரதத்தை நாங்கள் காத்ததைவிட நீங்கள் காத்ததுதான் அதிகம். ரொம்ப நன்றி.

செருப்பு கழற்றும் இடத்தில் இருந்த குட்டி முக்காலி, அம்மாவின் முழங்கால் வலியைப் பார்த்து மாடியிலிருந்து இறக்கியது என்பதும் அட்டையில்தான் தெரிந்தது. அது எப்போதும் அங்கேயே இருப்பது என்று நினைத்திருந்தோம்.

கடைசி வரிக்கு அண்ணன் சிரித்துவிட்டார்: சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது உங்கள் ஊர்ப் பழமொழியாம். கென்ரோகுஎன் தோட்டத்தில் பனிக்காக மரங்களுக்குக் கயிறு கட்டுகிற ஊர் வேறு எப்படிச் சொல்லும்! இங்கேயும் மழைதான், ஆனால் நாங்கள் கடை ஓரமாக ஒதுங்கி நிற்கிற ஜாதி.

பாலிக் புலாவ் ஜாதிக்காய் ஊறுகாயும் அம்மா சுட்ட முறுக்கும் தனிப் பொட்டலமாக வருகின்றன. முறுக்கில் முட்டை, மீன் எதுவும் இல்லை, அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். பிப்ரவரி 11 தைப்பூசம். தண்ணீர்மலைக் கோவிலைப் பார்க்க நீங்களும் ஒதோசானும் கட்டாயம் வரவேண்டும். படி ஏறுவது கஷ்டமென்றால் கீழே தண்ணீர்ப் பந்தலிலேயே உட்கார்ந்து எல்லாம் பார்க்கலாம். எங்கள் வீட்டில் தங்கலாம், அறை தயார்.

அம்மாவுக்கு ஒரு சந்தேகம். நீங்கள் கொடுத்தனுப்பிய கொம்புவை ஊறவைத்துச் சாறு எடுத்த பிறகு, எறிய மனமில்லாமல் காய்ந்த மிளகாய் வைத்து அரைத்துச் சம்பல் செய்துவிட்டார். நன்றாகத்தான் இருந்தது. அங்கே அதை என்ன செய்வீர்கள்?

அன்புடன்,
கவிதா