பிளஸ் டூ முடிவு: எங்கள் மையத்தின் பதிவுகள்

முடிவு வந்த மாலை

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் பயிற்சி மையத்தில் இந்த ஆண்டு கணக்கும் இயற்பியலும் படித்துத் தேர்வு எழுதியவர்கள் 43 பேர். எல்லாப் பாடத்திலும் தேறியவர்கள் 40. மூவருக்கு இயற்பியல் நின்றுவிட்டது. டிசம்பரில் எங்களை விட்டுப் போன இருவரும் நல்ல மதிப்பெண்ணோடு தேறியிருக்கிறார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

மொத்தத்தில் அதிகம் எடுத்தவள் குகைப் பகுதியில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகள். பட்டறைச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவளுக்குப் படிப்பே தொடங்கும். 600-க்கு 581! இதில் எங்களிடம் படித்தது கணக்கு 100, இயற்பியல் 96. மீதி நான்கு பாடமும் அவளுடைய பள்ளி ஆசிரியர்கள் சொல்லிக் கொடுத்தது. அந்தப் பெருமை அவர்களுக்கே சேரும்.

இன்னொருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏற்காடு மலையில் நாகலூர்ப் பையன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவான். மழை நாளில் ஈரச் சட்டையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். காலாண்டில் கணக்கில் 31. பொதுத்தேர்வில் 78. அவன் போனில் மதிப்பெண்ணைச் சொன்னபோது எங்கள் கணக்கு சாருக்குப் பேச்சே வரவில்லை.

மறுநாள்

'சேலத்திலேயே முதலிடம்னு போடுங்க சார்' என்று சில பெற்றோர் ஆசையோடு கேட்டீர்கள். மாநில, மாவட்ட முதலிடங்களை அரசே 2017 முதல் அறிவிப்பதில்லை. அப்புறம் நாங்கள் எதை வைத்துப் போடுவது? எங்கள் மையத்தில் முதலிடம், அவ்வளவுதான். பிள்ளைகளின் பெயரும் படமும் அவர்களும் வீட்டாரும் எழுதிக் கொடுத்த பிறகே பலகையில் ஏறும். மார்ச்சில் வாங்கிய கையெழுத்து போதாது, முடிவு தெரிந்த பிறகு கேட்க வேண்டும். பயிற்சி மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-ல் சொன்னதும் அதைத்தான்.

இயற்பியல் நின்ற மூவருக்கு

உங்களில் ஒருவருக்குச் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30-க்கு 28. எழுத்துத் தேர்வில் 70-க்கு 13. மொத்தம் 41 வந்தும் தேர்ச்சி இல்லை, ஏனென்றால் எழுத்தில் குறைந்தது 15 வேண்டும். இரண்டே மதிப்பெண். அதனால் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். வந்ததும் எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்ப்போம். மறுகூட்டலா, மறுமதிப்பீடா என்று அப்புறம் முடிவு செய்யலாம். அதற்காகத் துணைத் தேர்வுக்குப் பணம் கட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

மூவருக்கும் திங்கள் முதல் காலை 6:30-க்கு வகுப்பு. கட்டணம் கிடையாது. முதல் வாரம் மின்னியல் மட்டும், மூவரும் அதிகம் விட்டது அங்கேதான். வீட்டில் யாராவது திட்டினால் எங்களைப் பேசச் சொல்லுங்கள்.