இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே: காட்சி 2, ஒத்திகைப் படி

அக்கா,

காட்சி 2 என்னிடம் வரும்போது ஒரே பத்தியாக இருந்தது. போனிலிருந்து ஒட்டியபோது வரி முறிவுகள் எல்லாம் கரைந்துவிட்டன. பெயர் ஒரு வரி, வசனம் அடுத்த வரி, மேடைக் குறிப்பு சதுர அடைப்புக்குறிக்குள் என்று பிரித்திருக்கிறேன். நிறுத்தக்குறிகள் என்னுடையவை. சொற்களில் கைவைத்த ஒன்றிரண்டு இடங்களைக் கீழே சொல்கிறேன். நீங்கள் அனுப்பியதன் தொடக்கம் இது, ஒப்பிட்டுப் பார்க்க:

> காட்சி 2 லிஃப்டின் உள்ளே மங்கிய வெளிச்சம் இடப்பக்கம் பொத்தான் பலகை மாதவன் பொத்தானை அழுத்துகிறார் நிலா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள் நிலா: மணி 10:40. மறுபடி அழுத்துங்க மாதவன்: அழுத்தியாச்சும்மா விளக்கு அணைகிறது நிலா: ஐயோ பெரியவர்: பயப்படாத மெதுவாக மூச்சு விடு சத்தம் நிலா: என்ன அது

இனி காட்சி.

காட்சி 2

[லிஃப்டின் உள்ளே. மங்கிய வெளிச்சம். இடப்பக்கம் பொத்தான் பலகை. மாதவன் பொத்தானை அழுத்துகிறார். நிலா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள்.]

நிலா
மணி 10:40. மறுபடி அழுத்துங்க.

மாதவன்
அழுத்தியாச்சும்மா.

[விளக்கு அணைகிறது.]

நிலா
ஐயோ!

மாதவன்
பயப்படாத.
(மெதுவாக)
மூச்சு விடு.

[சத்தம்.]

நிலா
என்ன அது? கயிறா?

மாதவன்
கயிறு இல்ல. பிரேக் பிடிச்ச சத்தம்.

நிலா
உங்களுக்கு எப்படித் தெரியும்?

[மௌனம்.]

மாதவன்
இந்தப் பெட்டிய மாட்டினவனே நான்தான்.

நிலா
அப்ப நீங்களே கதவத் திறந்துடலாமே?

மாதவன்
திறக்கலாம். திறக்கக் கூடாது. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல நிக்கறோம். கால் தவறினா கீழ வெறும் குழி.

குரல்
(ஒலிபெருக்கியில்)
கதவிலிருந்து விலகி நிற்கவும்.

[இருவரும் பின்வாங்குகிறார்கள்.]

நிலா
யாரு அது? ஹலோ! சார்! நாங்க உள்ள மாட்டிக்கிட்டோம்!

மாதவன்
யாரும் இல்லம்மா. பதிவு பண்ணி வெச்ச குரல். பேட்டரில ஓடுது.

[நிலா தரையில் உட்காருகிறாள். கோப்பினை மடியில் வைத்துக்கொள்கிறாள்.]

நிலா
பதினொரு மணிக்கு இன்டர்வியூ.

மாதவன்
எத்தனாவது மாடி?

நிலா
அஞ்சு. லிஃப்ட் பராமரிப்புப் பிரிவு.

[மாதவன் சிரிக்கிறார். சிரிப்பு நீள்கிறது. நிலாவும் சேர்ந்துகொள்கிறாள்.]

மாதவன்
(சிரிப்பை அடக்கி)
அப்ப முதல் கேள்விய நான் கேக்கறேன். கரண்ட் போனா பிரேக் என்ன ஆகும்?

நிலா
விட்டுடும்.

மாதவன்
ஃபெயில்.

நிலா
இல்ல, இருங்க. பிடிச்சுக்கும். ஸ்பிரிங் பிடிச்சுக்கும். கரண்ட் இருந்தாத்தான் விடும். அதனாலதான் நாம விழல.

மாதவன்
எழுந்திரு. வேலை உனக்குத்தான்.

[விளக்கு எரிகிறது. லிஃப்ட் குலுங்கி நகர்கிறது, கீழ்நோக்கி.]

நிலா
மேல போகணும்!

[இருள்.]

பெரும்பாலும் உங்கள் நடையே எனக்கு வழிகாட்டியது. வசனம் பேச்சுத்தமிழில், குறிப்பு எழுத்துத்தமிழில். "அணைகிறது" என்றால் குறிப்பு, "அழுத்தியாச்சு" என்றால் வசனம். அந்தக் கோட்டை வைத்தே முக்கால்வாசி பிரிந்துவிட்டது. பிரியாமல் நின்றவற்றுக்கு உங்கள் பதில் வேண்டும்.

முதலில் "மெதுவாக". மாதவன் பேசுவதாக இருந்தால் நீங்கள் "மெதுவா" என்றே எழுதியிருப்பீர்கள். அதனால் அதைச் சொல்லும் தொனியாக எடுத்து அடைப்புக்குறிக்குள் போட்டேன். ஆனால் "மெதுவா மூச்சு விடு" என்று அவர் சொல்வதும் அந்த இடத்துக்குப் பொருந்துகிறது. நடிப்பவருக்கு இரண்டும் வேறு வேறு: ஒன்றில் அவர் குரலைத் தணிக்கிறார், மற்றதில் அவளுக்கு மூச்சுவிடக் கற்றுக்கொடுக்கிறார். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எழுத்தை நீக்க வேண்டும், அந்த உரிமை உங்களுடையது.

கதவு வரியில் இந்தக் கோடு என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. "கதவிலிருந்து விலகி நிற்கவும்" என்பதற்கு முன்னால் பெயரும் இல்லை, முக்காற்புள்ளியும் இல்லை. எழுத்துத்தமிழில் வேறு இருப்பதால் நடிகர்களுக்கான குறிப்பு மாதிரியே தெரிந்தது. அடுத்து நிலா "யாரு அது?" என்று கேட்பதால்தான் அது யாரோ பேசியது என்று உறுதியானது. அதற்குக் "குரல்" என்ற பெயரையும் "ஒலிபெருக்கியில்" என்பதையும் நான் சேர்த்தேன். பாத்திரப் பட்டியலிலும் "குரல்" ஏற வேண்டும், ஒலிப்பதிவுக்கு ஆள் பார்க்க வேண்டுமே.

"மௌனம்", "சத்தம்" இரண்டும் ஒற்றைச் சொற்கள். மௌனத்தில் குழப்பமில்லை. "சத்தம்" மட்டும் மாதவன் வாயிலிருந்தும் வரக்கூடியது, இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டு "சத்தம்..." என்று. பின்னால் "பிரேக் பிடிச்ச சத்தம்" வருவதால் ஒலிக்குறிப்பாகவே விட்டேன். எப்படிப்பட்ட சத்தம் என்று ஒரு சொல் சேர்த்தால் ஒலி பார்ப்பவருக்கு உதவும். "டக்" என்று ஒன்றா, இழுபடும் உரசலா?

சில இடங்களில் "பெரியவர்" என்றும் சில இடங்களில் "மாதவன்" என்றும் வந்தது. எல்லாவற்றையும் மாதவன் ஆக்கிவிட்டேன். ஒரே ஆள்தானே?

"இடப்பக்கம்" என்பதை மாற்றவில்லை. மேடை வழக்கப்படி அது பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகரின் இடக்கை. நீங்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து கற்பனை செய்து எழுதியிருந்தால் பலகை எதிர்ப்பக்கம் போய்விடும். அரங்கப் பொருள் செய்பவர் ஆணி அடிப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.

மற்ற காட்சிகளும் இப்படித்தான் வரும் என்றால், லிப்ரே ஆஃபீஸில் தேடி மாற்றும் பெட்டியில் ஒழுங்குக் கோவையை இயக்கிவிட்டு இதைப் போடுங்கள். பெயர்கள் தாமாகவே தனி வரிக்குப் போய்விடும்:

```
தேடு:   \s*(நிலா|மாதவன்|பெரியவர்)\s*:\s*
மாற்று: \n$1\n
```

பெயர்களை ஒவ்வொன்றாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பதெல்லாம் பெயர் என்று பொதுவாகத் தேடினால், 10:40 வரும் இடத்தில் "மணி 10" என்று ஒரு புதிய பாத்திரம் பிறந்துவிடும். வசனம் எங்கே முடிந்து குறிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை மட்டும் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நான் அனுப்பும் கோப்பில் பெயர், வசனம், குறிப்பு மூன்றுக்கும் தனித்தனி பத்திப் பாணி இருக்கிறது. இடைவெளி விசையைத் தட்டி வரியை நகர்த்தாதீர்கள். தமிழ் எழுத்துகள் ஒரே அகலத்தில் இல்லை, எழுத்துரு மாறினால் எல்லாம் கோணிக்கொள்ளும். பெயருக்கான பாணியில் "அடுத்த பத்தியோடு சேர்ந்திரு" என்பதையும் போட்டிருக்கிறேன். பக்கத்தின் அடியில் பெயர் மட்டும் தொங்கி, வசனம் அடுத்த பக்கத்துக்குப் போகாது. சாய்வெழுத்து எங்கும் இல்லை. பல தமிழ் எழுத்துருக்களில் அது நிமிர்ந்த எழுத்தை வெறுமனே தள்ளிவிட்டது போலத்தான் இருக்கிறது, அரைவெளிச்சத்தில் படிக்கவும் கஷ்டம்.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் வந்தால் சனிக்கிழமை வாசிப்புக்கு அச்செடுத்துவிடுவேன். வராவிட்டால் "மெதுவாக" அடைப்புக்குறிக்குள்ளேயே போகும்.