பிப்ரவரியில் சிலாவோஸ்: காலை பத்து மணி வரை மலை, அப்புறம் மழை

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில், சிலாவோஸ் என்ற மலையூருக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும், மே முதல் நவம்பர் வரை என்பார்கள். வானம் தெளிந்திருக்கும், நடைபாதை காய்ந்திருக்கும், பித்தோன் தெ நேஜ் உச்சி முழுசாகத் தெரியும். ஆனால் அந்த மாதங்களில்தான் பிரான்ஸிலிருந்து வருகிற நடைப்பயணிகள் அறைகளையெல்லாம் முன்கூட்டியே பிடித்து வைத்திருப்பார்கள். நாங்கள் போனது பிப்ரவரியில், தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம். புயல் பருவத்தின் நடு. காரைக்காலிலிருந்து எங்களைப் பார்க்க வந்திருந்த சித்தப்பாவும் கூட வந்தார். "ஊட்டி மாதிரி ஒரு இடம் காட்டுடா" என்று சேன் பியேரில் வந்து இறங்கிய அன்றே கேட்டுவிட்டார்.

ஊட்டியை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அங்கே மலைமேல் நின்று கீழே பார்ப்போம். இங்கே ஊர் 1,200 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், நாம் நிற்பது பள்ளத்தில். நாலு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர். அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். எரிமலை மண்ணை மழை அரித்து அரித்து உண்டான மூன்று பெரும் பள்ளத்தாக்குகளில் ஒன்று இது. மற்றவை சலாசியும் மாஃபாத்தும். இந்த மலைச் சுவர்களுக்கும் சிகரங்களுக்கும் 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது.

ஏறி வரும் சாலைதான் முதல் சோதனை. சேன் லூயியிலிருந்து 37 கிலோமீட்டர். வளைவுகள் நானூற்றுக்கு மேல் என்பது ஊர்க்கணக்கு. எண்ணிப் பார்க்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. காரில் ஒன்றேகால் மணி நேரம், பேருந்தில் இன்னும் கொஞ்சம் கூட. ஒரு வண்டி மட்டும் நுழையக்கூடிய சுரங்கங்களில் எதிரே விளக்கு தெரிந்தால் நின்று வழிவிட வேண்டும். சித்தப்பா பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றார். வாந்தி வரும் உடம்பென்றால் மாத்திரை போட்டுக்கொண்டு முன் இருக்கையில் உட்காருங்கள். 1930-களில் இந்தச் சாலை வரும்வரை நோயாளிகளையும் பணக்காரர்களையும் நாற்காலியில் வைத்து ஆள் தூக்கித்தான் மேலே கொண்டு வந்தார்கள். தூக்கியவர்களைப் பற்றி எந்தப் பலகையிலும் நான் பெரிதாகப் பார்க்கவில்லை.

மழைக்காலத்தில் இந்தச் சாலையில் கல் விழும். சொல்லாமல் கொள்ளாமல் மூடுவார்கள். கிளம்புமுன் inforoute974.re பக்கத்தைப் பாருங்கள். புயல் எச்சரிக்கை ஆரஞ்சு ஆனால் போக வேண்டாம். சிவப்பு ஆகிவிட்டால் வெளியே வருவதே சட்டவிரோதம். மேலே இருக்கும்போது சாலை மூடினால் வேறு வழியும் கிடையாது, ஒரே சாலைதான். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் இங்கே தங்கவே கூடாது. இதெல்லாம் வெறும் பயமுறுத்தல் இல்லை. 1952 மார்ச்சில் சிலாவோஸில் 24 மணி நேரத்தில் 1,870 மில்லிமீட்டர் மழை பதிவானது. சென்னைக்கு ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் சராசரியாக அவ்வளவு வராது.

சரி, இத்தனைக்குப் பிறகும் ஏன் போக வேண்டும்? காலைக்காக. பிப்ரவரியில் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடுகிறது. அப்போது சுவர்கள் கழுவி வைத்தாற்போல் இருக்கும். இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் நூல் போல வழியும் ஓடைகள், ராத்திரி மழைக்குப் பிறகு பத்துப் பதினைந்து இடங்களில் வெள்ளையாக விழும். அதைப் பார்க்கிற கூட்டமும் இல்லை. ஒன்பது மணி வாக்கில் கடல் பக்கமிருந்து மேகம் ஏறத் தொடங்கி, பத்துக்குள் சுவர்களை மூடிவிடுகிறது. மத்தியானம் மழை. ஏழு மணிக்கு எழுந்து, சாவகாசமாகக் காப்பி குடித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு இந்தப் பருவம் சரிப்படாது.

நடைக்கு ரோஷ் மெர்வெய்யெஸ் போதும். ஊரை ஒட்டிய காட்டுக்குள் ஏறினால் பள்ளத்தாக்கு மொத்தமும் தெரியும். சித்தப்பாவின் முழங்காலே ஒத்துழைத்தது. பித்தோன் தெ நேஜ், 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடல் தீவுகளிலேயே உயரமான சிகரம். 2,478 மீட்டரில் இருக்கும் குடிலில் இரவு தங்கி, விடியலில் உச்சிக்கு ஏறுவார்கள். பிப்ரவரியில் ஏறினால் பாதி நாள் நீர் ஓடும் கல்லில்தான் கால் வைக்க வேண்டும். மேலே போனாலும் மேகத்தைத்தான் பார்க்கலாம். நான் சொல்வது, விட்டுவிடுங்கள். ஃப்ளேர் ஜோன் பள்ளத்தில் கயிறு கட்டி இறங்கும் விளையாட்டுக்கும் இது காலமில்லை. மேலே எங்கோ பெய்த மழை சில நிமிடத்தில் வெள்ளமாக வந்துவிடும். அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

மழை நேரத்துக்கு வெந்நீர்க் குளியல் இருக்கிறது. 1815-இல் காட்டாடு வேட்டைக்கு வந்த ஒருவர் கண்ட ஊற்று. இந்த ஊர் ஊரானதே அதனால்தான். ஆனால் பாறைக்கு நடுவே ஆவி பறக்கும் குளத்தை மனதில் வைத்துப் போகாதீர்கள். கட்டடத்துக்குள்ளே தொட்டி, மருத்துவமனை வாசனை. மூட்டுவலிக்காரர்களுக்குச் சுகம், மற்றவர்களுக்கு ஒருமுறை போதும். எனக்கு அதைவிடப் பிடித்தது பூத்தையல் இல்லம். வெள்ளைத் துணியில் இழைகளை உருவி, எஞ்சியவற்றைக் கட்டிப் பூ உண்டாக்குகிறார்கள். மேசை விரிப்பின் விலையைக் கேட்டு நான் முகம் சுளித்தது உண்மை. அந்த அம்மா தைப்பதை அரை மணி நேரம் பார்த்த பிறகு விலை குறைவோ என்று தோன்றியது.

தங்குமிடம் மலிவு. சீசனில் 85 யூரோ சொல்லும் அறை எங்களுக்கு 60-க்குக் கிடைத்தது, காலை உணவோடு. பகலில் 25 டிகிரியை ஒட்டி, ராத்திரி ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் ஈரம்! துவைத்த துணி காயவே இல்லை, மெத்தைகூட லேசாகச் சில்லிட்டிருந்தது. சாப்பாட்டுக்குத்தான் திண்டாட்டம். பாதி உணவகங்கள் வருடாந்திர விடுமுறையில். திங்கள் செவ்வாய் ராத்திரிகளில் தெருவில் பூனைதான் நடமாடியது. தங்கும் வீட்டிலேயே இரவுச் சாப்பாடு சொல்லிவிடுவது நல்லது. சைவக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: பருப்பில் புகையிட்ட பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு. "சான் புகானே" என்று முதலிலேயே சொல்லுங்கள். நாங்கள் தங்கிய வீட்டுக்காரம்மா சௌ சௌ கீரை வதக்கி, பருப்போடு சோறு போட்டார். அவர் கணவர் கீழே கோல் கரும்புத் தோட்டப் பக்கத்து மலபார், அதாவது இந்தத் தீவின் தமிழ் வம்சாவளிக்காரர். தமிழ் தெரியாது, காவடிக்கு விரதம் இருந்திருந்தார். "விரதத்தை எப்படி முடிச்சீங்க தம்பி?" என்று சித்தப்பா கேட்டதை நான் கிரியோலில் சொல்ல, இருவரும் அபிஷேகம், அலகு என்று கையைக் காட்டியே ஒரு மணி நேரம் பேசினார்கள்.

சிலாவோஸ் பருப்பு நம் முழு மசூரைவிடச் சின்னது, குழையாது. இலே அ கோர்த் என்ற சிற்றூர்ப் பக்கம் குளிர்காலத்தில் விளைந்து, செப்டம்பர் வாக்கில் அறுவடையாகிறது. எனவே பிப்ரவரியில் கிடைப்பது போன அறுவடை, கெட்டுப்போகாது. கிலோ பத்து யூரோவைத் தாண்டும். அதற்குக் கீழே யாராவது விற்றால் எங்கே விளைந்தது என்று கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு: ரியூனியன் பிரான்ஸின் பகுதிதான், ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. பாரிஸுக்கு வாங்கிய விசா இங்கேயும் செல்லும் என்று நினைத்து டிக்கெட் போடாதீர்கள்; தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சேன் பியேரிலிருந்தோ சேன் தெனியிலிருந்தோ பேருந்தில் வருவதானால் சேன் லூயியில் இறங்கி மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று காலையிலேயே விசாரித்து வையுங்கள், சாயங்காலம் கேட்க அங்கே ஆள் இருக்காது.